சர்க்கரை நோயுள்ள முதியவர் கீழே விழுந்தால்: விழுந்த காரணத்தைக் கண்டுபிடித்து, அடுத்த விழுகையைத் தடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பென்னாகரம் வட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த 72 வயது அம்மா ஒருவர் புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் முடிந்த மறுநாள் விடியற்காலை 4 மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்து, வீட்டின் பின்வாசல் படியருகே விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். "இருட்டுல கால் இடறிடுச்சுங்க" என்றுதான் அவருடைய மகன் என்னிடம் சொன்னார். படி உயரமாக இருந்ததும், பின்வாசலில் விளக்கு இல்லாததும் உண்மைதான். ஆனால் அதே படியை அதே இருட்டில் முப்பது ஆண்டுகளாகத் தாண்டிப் போனவர் அன்றைக்கு மட்டும் ஏன் விழுந்தார் என்ற கேள்விக்கு "இடறிவிட்டது" என்பது விடையாகாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிராமங்களில் முதியவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வரும் மருத்துவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சர்க்கரை நோயுள்ள முதியவர் விழும்போது பெரும்பாலும் ஒரே ஒரு காரணம் இருப்பதில்லை. சர்க்கரை தாழ்தல், மரத்துப்போன பாதம், மங்கிய பார்வை, எழுந்ததும் இறங்கும் இரத்த அழுத்தம், இவற்றுக்கெல்லாம் பின்னால் நிற்கும் மாத்திரைகள் ஆகியவற்றில் இரண்டோ மூன்றோ ஒரே நேரத்தில் சேர்ந்துவிடுகின்றன. எலும்பைச் சரிசெய்துவிட்டு இவற்றைத் தேடாமல் விட்டால், அவர் அதே காரணத்தால் மறுபடியும் விழுவார். எனவே அந்த அம்மாவின் நிகழ்வையே வைத்துக்கொண்டு, விழுந்த நிமிடத்திலிருந்து செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: தூக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

விழுந்தவரை உடனே கைகளைப் பிடித்துத் தூக்கி உட்கார வைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. அதைச் செய்யாமல், அவரைப் படுத்த நிலையிலேயே வைத்துப் பேச்சுக் கொடுங்கள். பதில் குழறுகிறதா, இடம் தெரியாமல் பேசுகிறாரா என்று பாருங்கள். பிறகு இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்து, அந்தப் பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தால், தொடை எலும்பின் மேல்பகுதி முறிந்து விலகியிருக்க வாய்ப்பு மிக அதிகம். அந்தக் காலை இழுக்கவோ, எண்ணெய் போட்டு நீவவோ கூடாது. 108 ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, காலின் இருபுறமும் சுருட்டிய போர்வைகளை அணை கொடுத்து அசையாமல் வையுங்கள்.

முறிந்த எலும்பு விலகாமல் ஒன்றோடொன்று செருகிக்கொண்டிருந்தால் கால் குட்டையாகாது, அவர் நொண்டிக்கொண்டு நடக்கவும் கூடும். அப்போது முதல் எக்ஸ்ரேயிலும் முறிவு தெரியாமல் போகலாம். "எக்ஸ்ரே நார்மல்" என்று வீட்டுக்கு வந்த பிறகும் தொடை இடுக்கில் வலி நீடித்து, காலை ஊன்ற முடியாமல் இருந்தால், சிடி அல்லது எம்ஆர்ஐ எடுக்கும்படி கேளுங்கள். பாதம் மரத்துப்போனவர்களிடம் வலியை நம்பவும் முடியாது. பாதம் வீங்கிச் சூடாக இருந்து, வலி மட்டும் குறைவாக இருந்தால், எலும்பு முறிந்திருக்கலாம் என்று எண்ணிக் காலை ஊன்ற விடாமல் படம் எடுக்க வேண்டும்.

தலை அடிபட்டிருந்து, அவர் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை எடுப்பவராக இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூளையின் மேலுறைக்கு அடியில் மெல்லக் கசியும் இரத்தம், சில வாரங்கள் கழித்துக்கூடத் தூக்கமாகவோ தடுமாற்றமாகவோ வெளிப்படும்.

இரண்டாம் படி: விழுந்த இடத்திலேயே சர்க்கரையைப் பார்த்துக் குறித்து வைத்தல்

இந்த ஒரு எண் விழுந்த நேரத்தில் எடுக்கப்படாவிட்டால் பிறகு எவராலும் அதை மீட்க முடியாது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் பயமும் வலியும் சர்க்கரையை ஏற்றிவிடும், அல்லது யாராவது காபி கொடுத்திருப்பார்கள். அங்கே 180 என்று வந்ததும், சர்க்கரை தாழ்ந்ததால் விழுந்திருக்கலாம் என்ற எண்ணமே எல்லோருக்கும் விட்டுப்போகும்.

அந்த அம்மாவின் வீட்டில் நர்சிங் படிக்கும் பேத்தியிடம் குளுக்கோமீட்டர் இருந்தது. "ஆயா ரவிக்கை முழுசும் நனைஞ்சிருந்துச்சு, துவைக்கிற கல்லுத் தண்ணின்னு அப்பா நினைச்சாங்க" என்று அவள் சொன்னாள். அது வியர்வை. விரலைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது 58 இருந்தது. 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் தாழ்வு. 54க்குக் கீழே என்றால் மூளை தடுமாறும் அளவுக்கான தாழ்வு. அவள் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை, அதாவது ஏறக்குறைய 15 கிராமை, தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்துப் பார்த்ததில் 84 ஆனது. ஆனால் ஆம்புலன்ஸில் போய்ச் சேர்ந்து, 7 மணிக்கு மருத்துவமனையில் பார்த்தபோது மறுபடியும் 61.

இப்படித் திரும்ப இறங்குவது கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகளின் குணம். இவை உணவு வந்ததா இல்லையா என்று பாராமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர் உடம்பில் அந்த வேலை ஒரு நாளுக்கு மேலும் நீளும். ஆகவே ஒருமுறை சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பி உட்கார வைத்ததும் முடிந்துவிட்டது என்று இருக்கக் கூடாது. குறைந்தது 24 மணி நேரம் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மீட்டர் இல்லாத வீட்டில், வியர்த்துக் குழறும் முதியவர் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் அளவு தெரியாவிட்டாலும் சர்க்கரை கொடுத்துவிடலாம். மாம்பழக் காலத்தில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: பழம் தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் 60 இருக்கும் இடத்தில் 160 காட்டும்.

மூன்றாம் படி: அறுவையைத் தள்ளிப்போடாமல் இருத்தல்

இடுப்பு எலும்பு முறிவுக்கான அறுவையை முதல் இரண்டு நாட்களுக்குள் செய்துவிடுவது நல்லது. படுத்தே கிடக்கும் ஒவ்வொரு நாளும் நுரையீரல் சளி, படுக்கைப் புண், காலில் இரத்தக் கட்டு ஆகிய அபாயங்களை ஏற்றுகிறது. "சர்க்கரை இறங்கட்டும், ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம்" என்ற பேச்சு குடும்பத்திலிருந்தும் வரும், சில நேரம் வெளியிலிருந்தும் வரும். மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி ஒரு வாரத்தில் இறங்காது. அன்றைய இரத்தச் சர்க்கரையையோ இன்சுலின் கொண்டு சில மணி நேரத்திலேயே கட்டுக்குள் கொண்டுவரலாம். இரண்டில் எதற்காகவும் ஒரு வாரம் காத்திருப்பதில் பொருளில்லை. நாட்டுக் கட்டுப் போடுவதற்காக இந்த முறிவை எடுத்துச் செல்வதைக் கைகூப்பித் தடுக்க விரும்புகிறேன். மணிக்கட்டு கூடிவிடலாம், தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகியிருந்தால் கட்டுப் போட்டாலும் எலும்பு சேராது, ஏனென்றால் எலும்பின் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டமே அறுந்திருக்கும். அந்த அம்மாவுக்கு இரண்டாம் நாளே அறுவை நடந்தது. மூன்றாம் நாள் வாக்கரைப் பிடித்து நின்றார்.

நான்காம் படி: விழுந்த கதையை முழுதாகக் கேட்டல்

இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எத்தனை மணிக்கு விழுந்தார், அதற்கு முன் கடைசியாக என்ன சாப்பிட்டார், எந்த மாத்திரையை எப்போது போட்டார், எழுந்து எத்தனை அடி நடந்தபின் விழுந்தார், விழுந்தது அவருக்கு நினைவிருக்கிறதா என்று அவரிடமும், பார்த்தவர்களிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

பதில்களில் காரணத்தின் சாயல் தெரியும். கட்டிலை விட்டு எழுந்த ஓரிரு நிமிடத்துக்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது என்றால் இரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம். வியர்வை, பசி, குழப்பம், நடந்தது நினைவில்லாமை இருந்தால் சர்க்கரைத் தாழ்வைச் சந்தேகிக்க வேண்டும். பகலில் நன்றாக நடப்பவர் இருட்டிலும், முகம் கழுவக் கண்ணை மூடும்போதும் தள்ளாடினால், செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தால், பாத நரம்பின் குறை. படி இறங்கும்போது கடைசிப் படியைத் தரை என்று எண்ணி விழுந்தால் கண்ணைப் பார்க்க வேண்டும். எந்த முன்னறிகுறியும் இல்லாமல் மரம் சாய்ந்ததுபோல் விழுந்து உடனே தெளிந்தால், அன்றே ஈசிஜி எடுக்க வேண்டும்.

அந்த அம்மா சனிக்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு ஒரு வேளை மட்டும் உண்டு, இரவு 8 மணிக்கு ஒரு டம்ளர் மோரோடு எல்லா மாத்திரைகளையும் வழக்கம்போலப் போட்டிருந்தார். விரதத்தில் சோறு விடலாம், மருந்து விடக் கூடாது என்பது அவருடைய கணக்கு. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களாகவே சில காலைகளில் தலைவலியோடும், ஈரமான தலையணையோடும் எழுந்ததாகக் கேட்டபிறகு சொன்னார். இரவில் சர்க்கரை தாழ்வதன் அடையாளங்கள் இவை. கெட்ட கனவும் அப்படித்தான்.

ஐந்தாம் படி: மாத்திரைகள் அனைத்தையும் ஒரே பாயில் கொட்டிப் பார்த்தல்

சீட்டைப் பார்த்தால் போதாது. வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் கொண்டுவரச் சொல்ல வேண்டும். அவர் இரண்டு இடங்களில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். ஓர் அட்டையில் கிளிமிப்பிரைடு 2 மில்லிகிராமும் மெட்ஃபார்மின் 500ம் சேர்ந்தது, காலையும் இரவும். இன்னோர் அட்டையில் கிளிமிப்பிரைடு 1, மெட்ஃபார்மின் 500, பயோகிளிட்டசோன் 15 மூன்றும் சேர்ந்தது, இரவு மட்டும். அட்டையின் பெயர் வேறு, நிறம் வேறு என்பதால் வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போட்டிருக்கிறார். ஒரு நாளைக்கு 5 மில்லிகிராம் கிளிமிப்பிரைடு, அதில் 3 மில்லிகிராம் இரவிலேயே. அட்டையின் முன்பக்கத்துப் பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டு, பின்பக்கச் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரை ஒரு தாளில் எழுதினால் இந்த இரட்டிப்பு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அவருடைய கிரியாட்டினின் 1.5. ஆய்வகச் சீட்டில் இது சற்றே கூடுதல் என்றுதான் தோன்றும். ஆனால் 72 வயதுப் பெண்ணுக்கு இந்த எண், சிறுநீரக வடிகட்டல் திறன் ஏறக்குறைய 37 என்று கணக்காகிறது. அந்த நிலையில் கிளிமிப்பிரைடு உடம்பில் தேங்கும். மெட்ஃபார்மினை ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கக் கூடாது. எச்பிஏ1சி 6.3 இருந்தது. "நல்ல கண்ட்ரோல்" என்று அதுவரை பாராட்டு வாங்கிய எண் அது. சிறுநீரகம் தளர்ந்து, பாதம் மரத்த, இந்த வகை மாத்திரை எடுக்கும் 72 வயதுக்காரரிடம் 6.3 என்பது எனக்குப் பாராட்டாகத் தெரியவில்லை, எச்சரிக்கையாகத் தெரிகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு 8க்குக் கீழே இருந்தால் போதும்.

மேலும் இரண்டு மருந்துகளை அந்தப் பாயில் தேடினேன். பயோகிளிட்டசோன் பெண்களிடம் எலும்பு முறிவைக் கூட்டும் என்று தெளிவாகத் தெரிந்த மருந்து. முறிவு ஏற்பட்டபின் அதைத் தொடர்வதற்கு நியாயமில்லை. பாத எரிச்சலுக்காக இரவில் போட்ட அமிட்ரிப்டிலின் 25 தூக்கக் கலக்கத்தையும், எழுந்தால் அழுத்தம் இறங்குவதையும் ஒருசேரத் தரும். ஆண்களிடம், சிறுநீர் எளிதாகப் போக எடுக்கும் டாம்சுலோசினையும் இப்படியே தேட வேண்டும்.

எந்த மாத்திரையையும் நீங்களாகவே நிரந்தரமாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிய தாளோடு ஒரே மருத்துவரிடம் சென்று, "சர்க்கரை தாழ்ந்து விழுந்தார், விழுந்த நேரத்தில் அளவு 58" என்ற வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள். அந்த அம்மாவுக்குக் கிளிமிப்பிரைடும் பயோகிளிட்டசோனும் நிறுத்தப்பட்டன. மெட்ஃபார்மின் 500 இரு வேளையாக்கப்பட்டது. தனியாக எடுத்தால் சர்க்கரையைத் தாழ்த்துவது அரிதானதும், சிறுநீரகத்துக்காக அளவைக் குறைக்கத் தேவையில்லாததுமான லினாகிளிப்டின் 5 சேர்க்கப்பட்டது. மாற்றிய பிறகு மூன்று இரவுகள் 3 மணிக்கு எழுப்பிச் சர்க்கரையைப் பார்க்கச் சொன்னோம். 118, 126, 109 என்று வந்தது.

ஆறாம் படி: படுத்தும் நின்றும் இரத்த அழுத்தம் பார்த்தல்

நாற்காலியில் உட்கார வைத்துப் பார்ப்பதால் இந்தக் குறை தெரியாது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாம் நிமிடத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும். பின்னால் நாற்காலியும் அருகில் ஓர் ஆளும் இருக்கட்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது குறைபாடு. சர்க்கரை நோய் கால் நரம்பை மட்டும் அல்லாமல், எழும்போது இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் தானியங்கி நரம்புகளையும் கெடுப்பதால் இது நேர்கிறது. 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருபவரிடம், நிற்க வைத்தும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அறுவைக்கு மூன்று வாரம் கழித்து அந்த அம்மாவுக்குப் படுத்தபோது 146/82, நின்ற மூன்றாம் நிமிடம் 116/72 இருந்தது. அமிட்ரிப்டிலினைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தவில்லை. படுத்திருக்கும்போது 146 இருப்பவருக்கு அது தேவை. கட்டிலில் உட்கார்ந்து பாதத்தை இருபது முறை மேலும் கீழும் அசைத்து, இரண்டு நிமிடம் கழித்து எழுவதைப் பழக்கினோம். ஆறு வாரத்தில் இறக்கம் 14 ஆகக் குறைந்தது.

ஏழாம் படி: பாதமும் கண்ணும்

பாத உணர்வை வீட்டிலேயே பார்க்கலாம். அவர் கண்ணை மூடியிருக்க, இரண்டு பாதங்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய ஆறு விரல் நுனிகளையும் உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு விநாடி மெதுவாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்திருக்கிறது. அந்த அம்மாவுக்கு ஐந்து தெரியவில்லை. பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு பி12 குறைந்து அதுவும் நரம்பைக் கெடுக்கும் என்பதால் அதைப் பார்த்தோம். குறைவாகவே இருந்தது, ஊசி போட்டோம். மரத்த பாதம் திரும்ப முழு உணர்வு பெறுவது அரிது, ஆகவே பாதம் சொல்லாததைக் கண்ணும் கையும் சொல்ல வேண்டும்: பாதையில் வெளிச்சம், பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி. கட்டைவிரல் வார் வைத்த ரப்பர் செருப்பை விட்டுவிட்டு, குதிகாலில் பட்டை உள்ள செருப்பை வாங்குங்கள்.

கண்ணுக்கு, சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனையும் கண்புரைப் பரிசோதனையும் வேண்டும். மாத்திரை மாற்றிச் சர்க்கரை நிலைப்படும் முன் புதுக் கண்ணாடி வாங்காதீர்கள், சில வாரத்தில் பவர் மாறிவிடும். கீழ்ப்பாதியில் படிக்கும் பவர் உள்ள கண்ணாடியோடு படி இறங்கினால் படியின் விளிம்பு மங்கலாகத் தெரியும்.

எட்டாம் படி: எலும்புக்கான மருந்து

நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தாலே எலும்பு நலிந்திருக்கிறது என்று பொருள். டெக்ஸா என்ற எலும்பு அடர்த்தி ஸ்கேனின் எண்ணுக்காகச் சிகிச்சையைக் காத்திருக்க வைக்க வேண்டியதில்லை. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் எலும்பு அடர்த்தி நன்றாகத் தெரிந்தும் எலும்பின் தரம் தாழ்ந்திருக்கும். நம் மாவட்டங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வரும் முன், பல ஊர்களில் ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் பல்லாண்டு குடித்தோம். ஃபுளோரைடு ஏறிய எலும்பு ஸ்கேனில் அடர்த்தியாகத் தெரிந்தாலும் உடையக்கூடியது; முதுகையும் மூட்டையும் விறைக்க வைத்து, தடுமாறும்போது சமாளிக்க முடியாமலும் செய்யும். ஆகவே இங்கே "டெக்ஸா நார்மல்" என்ற சொல்லை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்வதில்லை.

வைட்டமின் டி-யைச் சரிசெய்த பிறகு, ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் பலருக்குப் பொருந்தும். ஆனால் வடிகட்டல் திறன் 35க்குக் கீழே இருந்தால் அதைக் கொடுப்பதில்லை. 37 உள்ளவருக்கு ஏற்றும் நாளுக்கு முன் கிரியாட்டினினை மறுபடி பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் சிறுநீரகத்தைப் பாதிக்காது என்றாலும், கால்சியம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும், இடையில் விட்டால் முதுகெலும்பு முறியும் அபாயம் உண்டு. தவறாமல் வர முடியுமா என்பதை முதலிலேயே குடும்பத்தோடு பேசிவிட வேண்டும். கேழ்வரகுக் களி இங்கே கால்சியத்துக்கு நல்ல துணை. முதியவர் அரை உருண்டையோடு நிறுத்துகிறாரா என்பதைப் பாருங்கள்.

ஒன்பதாம் படி: கட்டிலிலிருந்து கழிவறை வரை

இரவில் அவர் நடக்கும் பாதையை நீங்களே விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை நடந்து பாருங்கள். அந்த வீட்டில் கயிற்றுக் கட்டில் தொய்ந்து முழங்காலுக்குக் கீழே இருந்தது. நிலைப்படி ஒன்று, பின்வாசல் படி ஒன்று, துவைக்கும் கல்லருகே எப்போதும் ஈரம், அதற்கப்பால் இரண்டு படி ஏறிக் குந்தும் கழிவறை. உட்கார்ந்தால் பாதம் தரையில் படியும் உயரத்தில் பலகைக் கட்டில் போட்டார்கள். இரவுக்கு மட்டும் கட்டிலருகே கமோட் நாற்காலி வைக்கச் சொன்னபோது அந்த அம்மா கூசி மறுத்தார். மருமகள்தான், "நீங்க மறுபடி படுத்துட்டா நான்தானே அத்தை எல்லாம் பார்க்கணும், இது எனக்காக" என்று சொல்லி இணங்க வைத்தார். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவதும், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முயல்வதும் நாளுக்கு இருமுறை பத்துப் பத்தாகச் செய்யச் சொன்னோம்.

மூன்று மாதத்தில் எச்பிஏ1சி 7.4. மறு ஆண்டுப் புரட்டாசிக்கு முன் அவர் வந்து, விரதம் இருக்கலாமா என்று கேட்டார். பழைய மாத்திரைகள் என்றால் வேண்டாம் என்றிருப்பேன். இப்போதைய மாத்திரைகள் உணவில்லாமல் சர்க்கரையை அப்படித் தாழ்த்துவதில்லை என்பதால், அந்த ஒரு வேளை உணவைப் பகலிலேயே முடிக்காமல் மாலைக்குப் பிரித்துக்கொள்ளவும், தண்ணீரும் மோரும் குறையாமல் குடிக்கவும், அன்று இரவு படுக்கும் முன்னும் 3 மணிக்கும் பேத்தி சர்க்கரையைப் பார்க்கவும் சொல்லி அனுப்பினேன். நான்கு சனிக்கிழமைகளிலும் 100க்குக் கீழே இறங்கவில்லை என்று எழுதிய தாளை அவள் கொண்டுவந்து காட்டினாள்.